விகிதம் வந்துவிட்டது, ஆனால் எதன் விகிதம்? கலவைக் கணக்கில் சரியான விடையைப் பிடிப்பது

படிப்பு முடிந்த கையோடு மதுரை கீழமாசி வீதியில் ஒரு அரிசி மண்டியில் ஒன்றரை வருஷம் சிட்டை எழுதினேன். அங்கே இருந்த கணக்குப்பிள்ளைக்கு எழுபது வயசு இருக்கும். மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தபடியே, "நாப்பத்தெட்டும் அறுபதும் கலந்து அம்பத்திரண்டுல நிறுத்தணுமா? ரெண்டு சிப்பத்துக்கு ஒரு சிப்பம் போடு" என்பார். பேப்பரும் கிடையாது, பென்சிலும் கிடையாது. அதையே தேர்வுப் புத்தகம் 'அலிகேஷன்' என்று பெயர் வைத்து, பெருக்கல் குறி மாதிரி ஒரு படம் போட்டு நடத்துவதைப் பின்னாளில்தான் பார்த்தேன். அந்தப் படத்தை மனப்பாடம் செய்தவர்கள் பாதி நேரம் விகிதத்தைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். அதனால் படத்தை விட்டுவிட்டு, அவர் மனசுக்குள் என்ன செய்தார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

காவடியில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தூக்குபவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடமும் சம கனம் என்றால் தோள் கம்புக்கு நட்டநடுவில் இருக்கும். ஒரு குடம் கனமாக இருந்தால் அந்தக் குடத்தின் பக்கமாகத் தோளை நகர்த்திக்கொள்வார். ஒரு குடம் மற்றதைப் போல இரு மடங்கு கனம் என்றால், தோளிலிருந்து அதன் தூரம் மற்றதன் தூரத்தில் பாதிதான் இருக்கும். கம்பின் கனத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இது அப்படியே உண்மை. கலவைக் கணக்கில் கம்பின் இரு முனைகளும் இரண்டு விலைகள், தோள்தான் கலவையின் சராசரி. கனம் என்பது ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ போட்டோம் என்பது. எது அதிகமோ அதன் பக்கத்தில் சராசரி சாய்ந்து நிற்கும். நிறையிட்ட சராசரி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இப்போது கணக்கைத் தேர்வில் வருகிற வடிவத்தில் வைப்போம். கிலோ 48 ரூபாய் அரிசியையும் கிலோ 60 ரூபாய் அரிசியையும் எந்த விகிதத்தில் கலந்தால் கலவை கிலோ 52 ரூபாய்க்கு அடங்கும்? விடைகள்: 1:2, 2:1, 3:1, 1:1.

முதல் வேலை, 52 என்பது 48-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது. இருக்கிறது. இல்லாவிட்டால் கணக்கை எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம். இது எவ்வளவு உதவும் என்பதற்குப் பின்னால் ஒரு உதாரணம் வருகிறது.

இரண்டாவது வேலை, நட்டநடு எது என்று பார்ப்பது. 48-க்கும் 60-க்கும் நடு 54. நம்முடைய 52 அதற்குக் கீழே நிற்கிறது, அதாவது மலிவு அரிசியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே மலிவுதான் அதிகம். 1:1 போயிற்று, 1:2 போயிற்று. இன்னும் கணக்கே போடவில்லை, நான்கில் இரண்டு விடைகள் அடிபட்டுவிட்டன. தலைகீழாக எழுதிய விகிதம் விடைப்பட்டியலில் எப்போதும் ஒன்று இருக்கும். இந்த இரண்டாவது பார்வைக்குப் பிறகு அதில் விழ வழியே இல்லை.

மூன்றாவது வேலைதான் தூரம். 48-லிருந்து 52-க்கு 4 அடி, 52-லிருந்து 60-க்கு 8 அடி.

48 ——4—— 52 ————8———— 60

தூரம் 4-க்கு 8, அதாவது 1-க்கு 2. கனம் அதற்கு எதிர்மாறு. எனவே மலிவு 2, உயர்ந்தது 1. விடை 2:1. சந்தேகம் என்றால் இரண்டு கிலோவுக்கு 96, ஒரு கிலோவுக்கு 60, ஆக 156, மூன்றால் வகுத்தால் 52. கணக்குப்பிள்ளை சொன்ன அதே இரண்டு சிப்பம், ஒரு சிப்பம்.

இதிலேயே இன்னொரு வசதி இருக்கிறது. 3:1 என்றால் சராசரி மலிவிலிருந்து கால்வாசி தூரத்தில் நிற்கும், 2:1 என்றால் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், 3:2 என்றால் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில். மொத்தத் தூரம் 12 என்பதால் 3:1-க்கு 51, 2:1-க்கு 52, 3:2-க்கு 52.80. ஆக விடையிலிருந்து கேள்விக்குத் திரும்பியும் போகலாம். எண்கள் அசிங்கமாக இருக்கும்போது நான் இப்படித்தான் செய்வேன்.

அதே அரிசியில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். 48 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் கலந்து கிலோ 66 ரூபாய்க்கு விற்றால் 25% லாபம், கலந்த விகிதம் என்ன? அவசரக்காரர்கள் 66-ஐத் தூக்கிக் கம்பில் வைப்பார்கள். 66 இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. 60 ரூபாய்க்கு மேல் எந்த அரிசியும் இல்லாதபோது சராசரி 66 எப்படி வரும்? முதல் பார்வை இங்கேதான் காப்பாற்றுகிறது. கம்பின் முனைகள் இரண்டும் அடக்க விலை, ஆகவே தோளும் அடக்க விலையாகத்தான் இருக்கவேண்டும். 66-ஐ 1.25-ஆல் வகுத்தால் 52.80. மேலே போட்டு வைத்த பட்டியலில் அதற்கு நேராக 3:2 நிற்கிறது.

இதுவரை சொன்னது எல்லாப் புத்தகத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். நான் எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காக.

புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நாலைந்து பேரோடு உட்காருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தார். முதல் குடத்தில் பாலும் தண்ணீரும் 5:3. இரண்டாம் குடத்தில் 1:3. இரண்டிலிருந்தும் எந்த விகிதத்தில் எடுத்துக் கலந்தால் பாலும் தண்ணீரும் சரிபாதியாக இருக்கும்? விடைகள்: 1:1, 2:1, 1:2, 3:2.

"அண்ணே, எனக்கு ஒண்ணுக்கு ஒண்ணு வருது. ஆப்ஷன்லயும் இருக்கு. விடையில ரெண்டுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கான்."

அவர் செய்தது இது. முதல் குடத்துக்கு 5/3, இரண்டாவதுக்கு 1/3, வேண்டியது 1. தூரங்கள் இரண்டுமே 2/3. ஆகவே 1:1. கூட்டலில் பிழையில்லை, கழித்தலிலும் பிழையில்லை.

"ஒண்ணுக்கு ஒண்ணு சரி தம்பி. எதுல ஒண்ணு, எதுல ஒண்ணு?"

"என்னண்ணே கேக்குறீங்க? குடத்துலதான்."

அங்கேதான் சிக்கல். 5/3 என்பது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை லிட்டர் பால் என்பதைச் சொல்லும் எண். கீழே, வகுக்கும் இடத்தில், தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. 'கிலோவுக்கு 48 ரூபாய்' என்றபோது கீழே கிலோ இருந்தது, அதனால் விகிதம் கிலோவில் வந்தது. இங்கே கீழே தண்ணீர் இருப்பதால் விகிதமும் தண்ணீரில்தான் வரும். தம்பிக்கு வந்த 1:1 பொய்யில்லை. கேட்ட கேள்விக்கான பதில் அது இல்லை, அவ்வளவுதான்.

நம்பமாட்டார் என்று தெரியும். நோட்டில் லிட்டராகவே போட்டுக் காட்டினேன். முதல் குடத்திலிருந்து 8 லிட்டர் எடுத்தால் பால் 5, தண்ணீர் 3. இரண்டாம் குடத்திலிருந்து 4 லிட்டர் எடுத்தால் பால் 1, தண்ணீர் 3. மொத்தம் பால் 6, தண்ணீர் 6, சரிபாதி. எடுத்த அளவு 8-க்கு 4, அதாவது 2:1. முதல் குடத்திலிருந்து வந்த தண்ணீர் 3, இரண்டாவதிலிருந்து வந்த தண்ணீரும் 3. தம்பியின் 1:1 அந்த மூன்றுக்கு மூன்றுதான்! கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இத்தனை நாளா ஆப்ஷன்ல இருந்ததெல்லாம் வேணும்னே வச்சதாண்ணே?" என்றார். ஆமாம், வேண்டுமென்றே வைத்ததுதான்.

குடங்களின் அளவு வேண்டும் என்றால் கீழே மொத்தக் கலவை வரவேண்டும். முதல் குடத்தில் பால் எட்டில் ஐந்து, இரண்டாவதில் நான்கில் ஒன்று, வேண்டியது இரண்டில் ஒன்று. பின்னம் பிடிக்காவிட்டால் மூன்றையும் எட்டின் பங்காக மாற்றிக்கொள்ளுங்கள்: 5, 2, 4. 4-லிருந்து 5-க்குத் தூரம் 1, 2-க்குத் தூரம் 2. எதிர்மாறாக எழுதினால் 2:1.

ஆக ஒவ்வொரு கணக்கிலும் கம்பில் எண்களை வைக்கும் முன்பு ஒரு கேள்வி: இந்த எண்ணின் கீழே என்ன இருக்கிறது? கிடைக்கும் விகிதம் அதன் விகிதம்தான். இதை மட்டும் வாயால் சொல்லிப் பழகினால் கலவைக் கணக்கில் பாதிப் பிழை ஓடிவிடும். நூலகத்தில் எங்கள் மேசையில் இதற்கு 'கீழ என்னண்ணே?' என்றே பெயர்.

வேகத்தில் வைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்கு பைக்கில் போகும்போது மணிக்கு 60 கி.மீ., திரும்பும்போது 40. சராசரி 50 என்று சொன்னால் தப்பு, 48 என்பது பலருக்குத் தெரியும். அந்த 48-ஐக் கம்பில் வைத்தால் 60-க்குத் தூரம் 12, 40-க்குத் தூரம் 8, எனவே 8:12, அதாவது 2:3. போனதும் வந்ததும் ஒரே தூரம்தானே, 2:3 எங்கிருந்து வந்தது? கி.மீ./மணி என்பதில் கீழே மணி இருக்கிறது, ஆகவே அது நேரத்தின் விகிதம். ஒரு வழி 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போக 20 நிமிடம், திரும்ப 30 நிமிடம். கேள்வியில் 'எவ்வளவு தூரம்' என்று கேட்டால் இந்த விகிதத்தை அந்தந்த வேகத்தால் பெருக்கவேண்டும்: 2×60-க்கு 3×40, இரண்டும் 120.

லாபச் சதவீதத்துக்கும் இதே கதைதான். லாபத்தின் கீழே அடக்க விலை இருக்கிறது. ஒரு பகுதிச் சரக்கை 10% லாபத்திலும் மீதியை 25% லாபத்திலும் விற்று மொத்தத்தில் 15% கிடைத்தால், வருகிற 2:1 என்பது அடக்கப் பணத்தின் விகிதம். எல்லாம் ஒரே விலைச் சரக்கு என்றால் மட்டும்தான் அது மூட்டைகளின் விகிதமும் ஆகும்.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு வங்கித் தேர்வு, முதல்நிலையில் 35 கணக்குக்கு 20 நிமிடம். பால்காரர் வாங்கிய விலைக்கே விற்பதாகச் சொல்லி, தண்ணீர் கலந்து 25% லாபம் பார்க்கிறார், தண்ணீருக்கும் பாலுக்கும் என்ன விகிதம் என்று கேள்வி. பால் லிட்டர் 50 என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் 0. 25% லாபம், அதனால் 50-ல் கால்வாசி கழித்து 37.50 என்று தோளை வைத்தேன். 12.50-க்கு 37.50, அதாவது 1:3. விடைப்பட்டியலில் முதலாவதாக 1:3 இருந்தது. சந்தோஷமாக அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. 25% என்பது அடக்கத்தின் மேல். 50 ரூபாய் விற்பனையில் அடக்கம் 40. தண்ணீர் பக்கத்திலிருந்து 40, பால் பக்கத்திலிருந்து 10. எனவே தண்ணீருக்கும் பாலுக்கும் 10:40, அதாவது 1:4. நான்கு லிட்டர் பாலோடு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து ஐந்தாக விற்றால், போட்ட நாலுக்கு ஒன்று கூடுதல், அதுதான் 25%. இப்படிச் சரிபார்க்க மூன்று விநாடி போதும். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. தப்புக்குக் கால் மதிப்பெண் வேறு கழிந்தது.

விகிதத்தைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்கும் கேள்விகளில் இந்த வழி இன்னும் சுலபமாக விடையைக் காட்டும். ஒரு வகுப்பில் மாணவர்களின் சராசரி 62, மாணவிகளின் சராசரி 71, எல்லோருக்கும் சேர்த்து 67. மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம்? விடைகள்: 56, 60, 63, 70. தூரங்கள் 5, 4. மாணவர்க்கும் மாணவிக்கும் 4:5. அப்படியானால் மொத்தம் ஒன்பதின் மடங்காக இருக்கவேண்டும். 63 மட்டும்தான் தேறுகிறது. மாணவர்கள் எத்தனை என்று கேட்டிருந்தால் நாலின் மடங்கைத் தேடியிருப்போம். ஒன்று கவனிக்கவேண்டும்: கேள்வியில் 'ஏறக்குறைய 67' என்றிருந்தால் இந்த மடங்கு விளையாட்டு செல்லாது. சராசரியைக் கொஞ்சம் சுருக்கியிருந்தாலும் விகிதம் மாறிவிடும். இன்னொன்று, சராசரிகளை மட்டும் கொடுத்தால் விகிதம்தான் கிடைக்கும், ஆள் எண்ணிக்கை கிடைக்காது. 'கொடுத்த தகவல் போதுமா' என்று கேட்கும் வகைக் கேள்விகளில் இதை வைத்தே பொறி வைப்பார்கள்.

எங்கே இந்த வழி ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வகை அரிசி கலந்தால் ஒரு சராசரிக்குப் பல விகிதங்கள் பொருந்தும். அங்கே விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. திரும்பத் திரும்ப எடுத்து ஊற்றும் கணக்கிலும் நேராகப் பயன்படாது. 40 லிட்டர் பாலில் 8 லிட்டரை எடுத்துவிட்டு அவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள், பிறகு மறுபடியும் அப்படியே செய்கிறார்கள், மீதிப் பால் எவ்வளவு? முதல் முறை போனது சுத்தமான பால், மீதி 32. இரண்டாம் முறை போகும் 8 லிட்டரில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது, அதனால் போகும் பால் 8-க்குக் குறைவு. மீதி 24-க்கு மேலே, 32-க்குக் கீழே இருந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சுகிறது: 32-ல் ஐந்தில் நான்கு, 25.6 லிட்டர். விடைப்பட்டியலில் 24 கண்டிப்பாக இருக்கும்.

கடைசியாக, தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போய்விட்டு முடிக்கிறேன். நகைப்பட்டறைக்காரர்கள் உருக்கிக் கலப்பது எடைக் கணக்கில். 24 காரட்டையும் 18 காரட்டையும் கலந்து 22 காரட் வேண்டுமென்றால் தூரம் 2, 4. எனவே 24 காரட் இரண்டு பங்கு, 18 காரட் ஒரு பங்கு, எடையில். காரட் என்பது மொத்த எடையில் தங்கம் எத்தனை பங்கு என்பதால் கீழே எடை இருக்கிறது. ஆனால் தேர்வில் வேறு மாதிரியும் கேட்பார்கள்: தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம், செம்பு 9 மடங்கு, கலவை 15 மடங்கு இருக்க எந்த விகிதத்தில் கலக்கவேண்டும்? 19-க்குத் தூரம் 4, 9-க்குத் தூரம் 6, ஆகவே தங்கத்துக்கும் செம்புக்கும் 3:2. பெரும்பாலான விடைத்தாள்களில் இதுதான் இருக்கும். 'தண்ணீரைப் போல இத்தனை மடங்கு' என்றால் ஒரே கன அளவை எடுத்துத் தூக்கிப் பார்ப்பது. கீழே இருப்பது கன அளவு. 3:2 கன அளவின் விகிதம். பட்டறைத் தராசில் வைத்தால் 3×19-க்கு 2×9, அதாவது 57-க்கு 18, சுருக்கினால் 19:6. கேள்வியில் 'எடை விகிதம்' என்ற சொல் இருந்து, விடைகளில் 3:2-ம் 19:6-ம் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், எதை அமுக்கவேண்டும் என்பது இனி உங்களுக்கே தெரியும்.